வெளியேறும் பொத்தான் இல்லாத செயலி: இரவல் கைபேசியில் கணக்கை மூடும் வழி, அறிகுறிவாரியாக

பிறருடைய கைபேசியிலோ, வீட்டில் பலரும் பயன்படுத்தும் பொதுக் கைபேசியிலோ உங்கள் கணக்கைத் திறந்துவிட்டு, வேலை முடிந்தபின் வெளியேற முயலும்போது, சில செயலிகளில் அதற்கான பொத்தானே இருப்பதில்லை. இந்த வழிமுறை அந்த நிலைமைக்காக எழுதப்பட்டது. நீங்கள் காணும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்வரும் அனைத்தும் எளிதாகிவிடும்.

நீங்கள் உள்நுழைந்ததற்கான அடையாளம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதலாவதாக, செயலி தனக்கென்று கைபேசியில் வைத்திருக்கும் தரவுப் பகுதியில் அது இருக்கும். இரண்டாவதாக, கைபேசியின் அமைப்புகளில் உள்ள கணக்குப் பட்டியலில் உங்கள் கணக்கு சேர்ந்திருக்கக்கூடும். ஜிமெயில் போன்ற செயலிகள் தமக்கெனத் தனி உள்நுழைவு வைத்துக்கொள்ளாமல் இந்தப் பட்டியலையே நம்புகின்றன. அவற்றில் வெளியேறும் பொத்தான் இல்லாததற்குக் காரணமும் இதுதான். மூன்றாவதாக, சேவையை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில், இந்தக் கணக்கு இந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்ற பதிவு இருக்கும்; இதை அமர்வு என்பார்கள். பொத்தான் உள்ள செயலியில் அதை அழுத்தினால், செயலியின் தரவும் சர்வரின் பதிவும் ஒருசேர மூடப்படும். பொத்தான் இல்லாதபோது ஒவ்வொன்றையும் நாமே தேடிச் சென்று மூட வேண்டியிருக்கிறது. ஓரிடத்தை மட்டும் மூடிவிட்டு மற்றொன்றை விட்டுவிடுவதுதான் இந்த விஷயத்தில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

எதையும் அழிப்பதற்குமுன் பொத்தான் உண்மையிலேயே இல்லையா என்று ஒருமுறை பாருங்கள். சில செயலிகளில் அது மறைவான இடத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு டெலிகிராமில் அமைப்புகள் பக்கத்தின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால்தான் Log out தென்படும். வேறு சிலவற்றில் சுயவிவரப் படத்தைத் தொட்டு, வரும் பக்கத்தின் அடிவரை இழுத்துச் செல்ல வேண்டும்.

அறிகுறி: சுயவிவரப் படத்தைத் தொட்டால் கணக்கை மாற்றும் வசதிதான் இருக்கிறது, வெளியேறும் வசதி இல்லை

இது பெரும்பாலும் கைபேசியின் கணக்குப் பட்டியலைச் சார்ந்து இயங்கும் செயலி. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஜிமெயிலை எடுத்துக்கொள்வோம். மேலே வலப்புறமுள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, Manage accounts on this device என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களைக் கைபேசியின் அமைப்புகளுக்கு அழைத்துச் செல்லும். அங்கே உங்கள் முகவரியைத் தொட்டு, Remove account என்பதை அழுத்தி உறுதிசெய்யுங்கள். கைபேசியில் இருக்கும் ஒரே கூகுள் கணக்கு உங்களுடையதாக இருந்தால், திரைப்பூட்டின் பின் எண்ணையோ வடிவத்தையோ அது கேட்கும். அப்போது கைபேசிக்குச் சொந்தக்காரர் அருகில் இருப்பது அவசியம்.

கணக்கை நீக்கு என்ற சொல்லைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். இங்கே நீக்கப்படுவது அந்தக் கைபேசியில் உள்ள இணைப்பு மட்டுமே. உங்கள் மின்னஞ்சலும் கோப்புகளும் சர்வரில் அப்படியே இருக்கும். கணக்கையே நிரந்தரமாக அழிப்பது வேறோர் இடத்தில், வேறு பல உறுதிப்படுத்தல்களோடு நடக்கும் செயல். ஆகவே அச்சமின்றி அழுத்தலாம்.

அதே பக்கத்தில் ஒத்திசைவை நிறுத்தும் வசதியும் இருக்கும். அதை நிறுத்திவிட்டால் புதிய அஞ்சல் தானாக வந்து சேராது என்பதால் வெளியேறிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கணக்கு உள்ளேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செயலியைத் திறந்து கீழே இழுத்தால் அஞ்சல் வரும். நிறுத்துவதற்கும் நீக்குவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூகுள் கணக்கை ஜிமெயிலுக்காகச் சேர்த்தால், அது ஜிமெயிலோடு நின்றுவிடாது. யூடியூப், டிரைவ், தொடர்புகள், பிளே ஸ்டோர் என அந்தப் பட்டியலைப் பார்க்கும் எல்லாச் செயலிகளுக்கும் அது கிடைக்கும். பட்டியலிலிருந்து நீக்கும்போது அவை அனைத்திலிருந்தும் ஒருசேர விலகும் என்பது இதில் உள்ள நன்மை. ஆனால் நீங்கள் பதிவிறக்கிய இணைப்புக் கோப்புகள் விலகாது. அவை கைபேசியின் Download கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். அவற்றைக் கோப்புச் செயலியில் தேடித் தனியாக அழிக்க வேண்டும்.

அறிகுறி: செயலியை மூடினேன், கேஷை அழித்தேன், Force stop கொடுத்தேன், திறந்தால் மீண்டும் என் கணக்கே வருகிறது

இது எதிர்பார்க்கவேண்டிய முடிவுதான். சமீபத்திய செயலிகளின் வரிசையிலிருந்து தள்ளிவிடுவதும், Force stop கொடுப்பதும் செயலியின் இயக்கத்தை நிறுத்துமே தவிர, அது சேமித்து வைத்திருக்கும் எதையும் தொடாது. Force stop கொடுத்தபின், செயலியை மீண்டும் திறக்கும்வரை அறிவிப்புகள் வராமல் நின்றுவிடுவதால், வெளியேறிவிட்டோம் என்ற தவறான நம்பிக்கை ஏற்படுவது உண்டு. கேஷ் என்பது மீண்டும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய படங்கள் போன்றவை கிடக்கும் தற்காலிக இடம். உள்நுழைவுச் சான்றைச் செயலிகள் அங்கே வைப்பதில்லை. அது செயலியின் நிலையான தரவுப் பகுதியில் இருக்கிறது.

ஆகவே அந்தப் பகுதியையே காலிசெய்ய வேண்டும். செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, App info என்பதைத் திறந்து, Storage & cache என்ற பகுதிக்குச் சென்று, Clear storage என்பதை அழுத்துங்கள். சில கைபேசிகளில் இதன் பெயர் Clear data என்றிருக்கும். பிறகு செயலியைத் திறந்தால், புதிதாக நிறுவியதுபோல் வரவேற்புத் திரை வர வேண்டும். மொழியையோ அனுமதிகளையோ மறுபடி கேட்டால் தரவு உண்மையிலேயே அழிந்துவிட்டது என்று பொருள். கைபேசியோடு வந்த செயலிகளை நிறுவல் நீக்க முடியாது என்றாலும், அவற்றுக்கும் இந்த வழி செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். Clear storage உங்கள் கணக்கை மட்டும் பிரித்தெடுத்து அழிப்பதில்லை. அந்தச் செயலியில் கைபேசிக்குச் சொந்தக்காரர் வைத்திருக்கும் அனைத்தும் சேர்ந்தே போய்விடும். காப்பு எடுக்கப்படாத வாட்ஸ்அப் உரையாடல்கள், இன்னும் பதிவேற்றப்படாத குறிப்புகள், பாதியில் நிற்கும் வரைவுகள் ஆகியவை திரும்பக் கிடைக்காமல் போகலாம். இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடுகளை உருவாக்கும் செயலியின் தரவை அழித்தால், அவர் தம் சொந்தக் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் நிலையும் வரக்கூடும். ஆகவே அந்தச் செயலியை அவரும் பயன்படுத்துகிறார் என்றால், அவரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட நிலையில், பின்னால் வரும் சர்வர்வழி முறையே உங்களுக்கு உரியது. அது உங்கள் கணக்கை மட்டுமே தொடும்.

தரவை அழித்த பிறகும் உங்கள் கணக்கே திறக்கிறது என்றால், அதே செயலியின் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே செயலியை இரண்டு கணக்குகளோடு பயன்படுத்த, பல கைபேசிகள் இரட்டைச் செயலி வசதியைத் தருகின்றன. இரண்டாவது பிரதியின் சின்னத்தில் சிறிய குறியொன்று இருக்கும்; அதற்குத் தனித் தரவுப் பகுதி உண்டு. நீங்கள் நுழைந்தது அந்தப் பிரதியில் என்றால், அதன் சின்னத்தை அழுத்திப் பிடித்துத்தான் App info-வைத் திறக்க வேண்டும்.

அறிகுறி: தரவு அழிந்துவிட்டது, ஆனால் உள்நுழையும் பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடுகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுவே கவனமாக ஆராயப்பட வேண்டியது. செயலியின் திரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கைபேசியைத் திருப்பித் தந்துவிடுகிறோம். ஆனால் அடுத்து எடுப்பவர் ஒரே தொடுதலில் உங்கள் கணக்குக்குள் போய்விட முடிகிறது. ஆகவே, தரவை அழித்தபின் ஒருமுறை நீங்களே உள்நுழையும் பொத்தானை அழுத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்போது திரையில் என்ன தோன்றுகிறது என்பதை உற்றுக் கவனித்தால், காரணம் தானே தெரிந்துவிடும்.

திரையின் அடியிலிருந்து ஒரு சிறு பலகை எழுந்து, அதில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்தால், உங்கள் கூகுள் கணக்கு கைபேசியின் கணக்குப் பட்டியலில் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். செயலி கைபேசியிடம் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது, கைபேசி உங்களைக் காட்டுகிறது. முதல் அறிகுறியில் சொன்னபடி பட்டியலிலிருந்து கணக்கை நீக்குவதே இதற்குத் தீர்வு. நீக்கியபின் அதே பொத்தானை மறுபடி அழுத்திப் பாருங்கள். உங்கள் முகவரி அங்கே தோன்றக் கூடாது.

அவ்வாறன்றி, உலாவிப் பக்கம் ஒன்று ஒரு கணம் திறந்து, தானே மூடி, செயலி உள்ளே போய்விட்டால், தடயம் உலாவியில் இருக்கிறது. பல செயலிகள் உள்நுழைவுப் பக்கத்தைத் தமக்குள் காட்டாமல், குரோம் போன்ற உலாவியின் துணையோடு திறக்கின்றன. அப்போது நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லால் உருவான குக்கி, அதாவது உங்களை அடையாளம் காட்டும் சிறு பதிவு, உலாவியில் தங்குகிறது. செயலியின் தரவை எத்தனை முறை அழித்தாலும் அது உலாவியைத் தொடாது. உலாவியைத் திறந்து, அந்தச் சேவையின் இணையதளத்துக்குச் சென்று, அங்கே முறையாக வெளியேறுங்கள். இணையதளத்தில் வெளியேறும் பொத்தான் ஏறத்தாழ எப்போதும் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், அந்தத் தளத்தில் இருக்கும்போதே முகவரிப் பட்டையின் இடப்புறச் சின்னத்தைத் தொட்டு, Cookies and site data என்ற பகுதியில் அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழிக்கலாம். உலாவியின் எல்லாத் தரவையும் அழித்தால் சொந்தக்காரரும் தம் தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவார் என்பதால், ஒரு தளத்தோடு நிறுத்திக்கொள்வதே பண்பு.

மூன்றாவதாக, பயனர்பெயரும் புள்ளிகளாக மறைந்த கடவுச்சொல்லும் தாமே நிரம்பினால், நீங்கள் உள்நுழைந்த நேரத்தில் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்ட பலகைக்கு ஆம் என்று அழுத்தியிருக்கிறீர்கள். இது மற்ற இரண்டையும்விடக் கவலைக்குரியது. அந்தக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டது சொந்தக்காரரின் கடவுச்சொல் பெட்டகத்தில். அது அவருடைய கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து, அவரது கணினிக்கும் மற்ற கருவிகளுக்கும் சென்றிருக்கக்கூடும். கைபேசி அமைப்புகளின் தேடல் பெட்டியில் Password Manager என்று தட்டச்சு செய்து, அந்தச் சேவையின் பெயரைத் தேடி, உங்கள் பதிவை அழியுங்கள். சில நிறுவனங்களின் கைபேசிகளில் கூகுளுடையது தவிர அந்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டகமும் இருக்கும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். அதன்பிறகு உங்கள் சொந்தக் கருவியிலிருந்து கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய இடம் இது.

இந்த மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். தம்பியின் கைபேசி பழுதாகிவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் செயலி ஒன்றை அக்காவின் ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவி, கூகுள் கணக்கின்மூலம் உள்நுழையும் பொத்தானை அழுத்துகிறார். அவருடைய கணக்கு அந்தக் கைபேசியில் இல்லாததால், கணக்கைச் சேர்க்கும் பக்கம் வருகிறது. முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேர்த்துவிட்டு, விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கிறார். செயலியில் வெளியேறும் பொத்தான் தென்படவில்லை. எனவே செயலியை நிறுவல் நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கைபேசியைத் தந்துவிடுகிறார்.

செயலியின் தரவு போய்விட்டது உண்மை. ஆனால் அவர் சேர்த்த கூகுள் கணக்கு அக்காவின் கைபேசியில் அப்படியே இருக்கிறது. அக்கா ஜிமெயிலைத் திறந்து சுயவிவரப் படத்தைத் தொட்டால் தம்பியின் அஞ்சல் பெட்டி பட்டியலில் நிற்கும். தம்பியின் தொடர்புகள் அக்காவின் தொடர்புகளோடு கலந்து தெரியும். படங்களைக் காக்கும் செயலியில் யாராவது காப்புக் கணக்காகத் தம்பியுடையதைத் தெரியாமல் தேர்ந்துவிட்டால், அக்கா எடுக்கும் படங்கள் தம்பியின் சேமிப்பகத்துக்குப் போகத் தொடங்கும். பாதிப்பு ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

சரியான வரிசை இதுதான். முதலில், செயலி கைபேசியில் இருக்கும்போதே அதன் தரவை அழித்து, உள்நுழையும் பொத்தானை அழுத்தி, எந்தப் பலகை எழுகிறது என்று பார்க்க வேண்டும். தம்பியின் முகவரி தோன்றும் என்பதால், அமைப்புகளில் கணக்குப் பட்டியலுக்குச் சென்று அவர் கணக்கை நீக்க வேண்டும். அக்காவின் கணக்கும் பட்டியலில் இருப்பதால், எந்த முகவரியை நீக்குகிறோம் என்பதை இருமுறை படித்துக்கொள்வது நல்லது. பிறகு செயலிக்குத் திரும்பி அதே பொத்தானை அழுத்தினால், அக்காவின் முகவரி மட்டுமே தெரிய வேண்டும். அங்கேயே பின்வாங்கிவிட்டு, செயலியை நிறுவல் நீக்கலாம். கடைசியாக, தம்பி தம் கருவியொன்றிலிருந்து கூகுள் கணக்கின் கருவிப் பட்டியலைத் திறந்து, அக்காவின் கைபேசி வெளியேறிய நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

அறிகுறி: செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால், எதுவும் கேட்காமல் என் கணக்கிலேயே திறக்கிறது

ஐபோனில் இது அடிக்கடி நிகழும். அங்கே செயலிகள் தம் உள்நுழைவுச் சான்றைச் சாவிக்கொத்து எனப்படும் தனிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாம். செயலியை அழித்தாலும் அந்தப் பெட்டகத்தில் உள்ளவை பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. மறுபடி நிறுவும்போது செயலி பழைய சான்றைக் கண்டெடுத்து உங்களை உள்ளே சேர்த்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் உள்ளதுபோல் ஒவ்வொரு செயலியின் தரவையும் காலிசெய்யும் பொத்தான் ஐபோன் அமைப்புகளில் இல்லை. Offload App என்பதை அதற்கு மாற்றாக நினைத்துவிட வேண்டாம். அது செயலியை மட்டும் நீக்கி, தரவை வேண்டுமென்றே பாதுகாத்து வைக்கும். ஆகவே ஐபோனில் நம்பத்தக்க வழி, சர்வர்வழியாக அந்தக் கருவியின் அமர்வை முடிப்பதுதான். அதன்பின் சாவிக்கொத்தில் கிடக்கும் சான்று செல்லாததாகிவிடும்.

ஆண்ட்ராய்டில் இது அரிது. ஆனால் ஆண்ட்ராய்டு 6.0 முதல், செயலிகளின் தரவைச் சொந்தக்காரரின் கூகுள் கணக்கில் தானாகக் காப்பெடுத்து, மறுபடி நிறுவும்போது மீட்டுத் தரும் ஏற்பாடு இருக்கிறது. செயலியை எழுதியவர்கள் உள்நுழைவுச் சான்றை அந்தக் காப்பிலிருந்து விலக்கத் தவறியிருந்தால், அது திரும்பி வரக்கூடும். இதற்கும் மருந்து சர்வர் பக்கமே.

அறிகுறி: கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டேன், இப்போது அது என் கையில் இல்லை

உங்கள் சொந்தக் கருவியிலிருந்து அமர்வை முடிக்கலாம். கூகுள் கணக்கு என்றால் உலாவியில் இந்த முகவரிக்குச் செல்லுங்கள்:

```
myaccount.google.com/device-activity
```

அங்கே உங்கள் கணக்கு திறந்திருக்கும் கருவிகள் மாதிரிப் பெயரோடும் கடைசியாகப் பயன்பட்ட நேரத்தோடும் தெரியும். இரவல் கைபேசியைத் தேர்ந்து Sign out கொடுங்கள். ஒரே கைபேசிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகள், உலாவிக்கு ஒன்றும் கணக்குப் பட்டியலுக்கு ஒன்றுமாக, தனித்தனியே தெரியலாம். அவை ஒவ்வொன்றையும் மூட வேண்டும். உங்களுடைய கைபேசியும் இரவல் கைபேசியும் ஒரே மாதிரியானவை என்றால், கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை வைத்துப் பிரித்தறியுங்கள்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் Accounts Center என்பதற்குள், Password and security என்ற பிரிவில், Where you're logged in என்ற பட்டியல் இதே வேலையைச் செய்யும். வாட்ஸ்அப்பில் நிலைமை இருவகைப்படும். இரவல் கருவியை இணைந்த கருவியாகச் சேர்த்திருந்தால், உங்கள் முதன்மைக் கைபேசியில் Linked devices பகுதிக்குச் சென்று, அதைத் தொட்டு Log out கொடுக்கலாம். மாறாக, உங்கள் எண்ணையே இரவல் கைபேசியில் பதிவுசெய்திருந்தால், அதே எண்ணை உங்கள் கைபேசியில் பதிவுசெய்யும் கணத்தில் இரவல் கைபேசியில் கணக்கு மூடப்பட்டுவிடும். ஆனால் அங்கே வந்து இறங்கிய உரையாடல்களும் படங்களும் அந்தக் கைபேசியில் இருக்கும். அவற்றைச் சொந்தக்காரர் நிறுவல் நீக்கியும், படக்காட்சியகத்தில் பார்த்தும் துடைக்க வேண்டியிருக்கும்.

டெலிகிராமில் அமைப்புகளின் Devices பகுதியில் மற்ற அமர்வுகளை முடிக்கலாம் என்றாலும் ஒரு தடை உண்டு. நீங்கள் இப்போதுதான் புதிய கருவியில் உள்நுழைந்திருந்தால், முதல் 24 மணி நேரத்துக்குப் பழைய அமர்வுகளை அங்கிருந்து முடிக்க அனுமதி கிடைக்காது. கணக்கைத் திருடியவர் உரியவரை வெளியே தள்ளிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. கைபேசி பழுதாகி, இரவல் கைபேசியில் நுழைந்து, மறுநாள் புதுக் கைபேசி வாங்கியவர்கள் இதில் சிக்கிக்கொள்வார்கள். அப்போது இரவல் கைபேசியின் சொந்தக்காரரிடம் சொல்லி, மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் Log out-ஐ அவரையே அழுத்தச் செய்வது விரைவான வழி.

கருவிப் பட்டியலே இல்லாத சிறிய சேவைகளில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கலாம். மாற்றும்போது எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற தேர்வு இருந்தால் அதைத் தவறாமல் குறியிடுங்கள். இல்லாத சேவைகளில், கடவுச்சொல் மாறினாலும் பழைய அமர்வு தொடர வாய்ப்புண்டு. கூகுளில் கூட, கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாக் கருவிகளும் வெளியேறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்நுழையும்போது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்தப் பயன்படும் கருவிகள் அதற்கு விலக்கு. இரவல் கைபேசி அந்த விலக்கில் சேர்ந்திருக்கலாம் என்பதால், கருவிப் பட்டியலைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

கூகுள் கணக்கின்மூலம் நுழைந்த பிற செயலிகளைப் பற்றியும் ஒரு சொல். கூகுள் கணக்கில், இணைந்துள்ள செயலிகளின் பட்டியலிலிருந்து ஒரு செயலியை நீக்கினால், அது இனி உங்கள் விவரங்களைக் கூகுளிடம் கேட்க முடியாது. ஆனால் அந்தச் செயலி தன் சொந்த சர்வரில் ஏற்கெனவே தொடங்கிய அமர்வு அதனால் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்தச் சேவையின் இணையதளத்தில் நுழைந்து, அங்கேயே அமர்வை மூட வழியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களது உதவிப் பிரிவுக்கு எழுதி எல்லா அமர்வுகளையும் முடிக்கும்படி கேளுங்கள்.

அறிகுறி: சர்வரிலிருந்து வெளியேற்றிய பிறகும் அந்தக் கைபேசியில் என் செய்திகள் தெரிகின்றன

உடனே பதற வேண்டியதில்லை. செயலி முன்பே இறக்கி வைத்த பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அமர்வு முடிந்த செய்தி, சர்வரோடு பேசும்போதுதான் அதற்குத் தெரியவரும். கைபேசியை இணையத்தோடு இணைத்து, செயலியைத் திறந்து, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கும்படி சொந்தக்காரரிடம் கேளுங்கள். உள்நுழைவுத் திரை வந்துவிட்டால் வேலை முடிந்தது. வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். பல சேவைகள் செயலிக்குக் குறுகிய ஆயுளுள்ள அனுமதிச் சீட்டு ஒன்றையும், அது தீரும்போது புதுப்பிக்க நீண்ட ஆயுளுள்ள இன்னொன்றையும் தருகின்றன. நீங்கள் வெளியேற்றும்போது நீண்டது உடனே செல்லாமல் போகும். குறுகியது தன் ஆயுள் தீரும்வரை சில சேவைகளில் வேலை செய்யும். கூகுளின் சேவைகளில் இதன் ஆயுள் வழக்கமாக 1 மணி நேரம். ஒரு நாள் கழிந்தும் புதிய செய்திகள் அங்கே வந்துகொண்டிருந்தால், நீங்கள் மூடியது வேறோர் அமர்வு. கருவிப் பட்டியலுக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

அறிவிப்புகள் மட்டும் வருகின்றன என்றாலும் இதே சோதனைதான். செயலி உள்நுழைவுத் திரையைக் காட்டியும் அறிவிப்பு வந்தால், அந்தக் கைபேசியின் அறிவிப்பு முகவரியைச் சேவை இன்னும் உங்கள் கணக்கோடு சேர்த்து வைத்திருக்கிறது. செயலியின் தரவை அழித்தாலோ நிறுவல் நீக்கினாலோ அந்த முகவரி செல்லாததாகிவிடும்.

அதே கைபேசியை அடுத்த முறையும் பயன்படுத்த வேண்டியிருந்தால்

ஆண்ட்ராய்டு அமைப்புகளின் தேடல் பெட்டியில் Multiple users என்று தேடிப் பாருங்கள். அந்த வசதி இருந்தால், விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்குள் செயலியை நிறுவி, வேலை முடிந்ததும் விருந்தினரை நீக்கலாம். அதற்குள் சேர்த்த கணக்குகளும், சேமித்த கடவுச்சொற்களும், இறக்கிய கோப்புகளும் ஒன்றாக அழியும். சொந்தக்காரரின் தரவில் ஒன்றும் குறையாது. சில கைபேசி நிறுவனங்கள் இந்த வசதியை எடுத்துவிட்டிருக்கின்றன. அங்கே செயலியைத் தவிர்த்து, உலாவியின் மறைநிலைத் தாவலில் சேவையின் இணையதளத்தைத் திறந்து வேலையை முடியுங்கள். மறைநிலைத் தாவல்கள் அனைத்தையும் மூடும்போது குக்கிகள் அழிந்துவிடும். ஒன்று திறந்திருந்தாலும் அமர்வு நீடிக்கும் என்பதால், மேலே உள்ள அறிவிப்புப் பட்டையை இழுத்து, எல்லா மறைநிலைத் தாவல்களையும் மூடும் அறிவிப்பைத் தொட்டுவிட்டுக் கைபேசியைக் கொடுங்கள்.